ஒரு தனி ஊசல் அறிக்கையைத் தலைப்புகளாகப் பிரித்தபோது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது g-ஐக் காணும் சோதனை உண்டு. ரெக்கார்டு நோட்டில் அதை எப்படி எழுத வேண்டும் என்று மாணவர்களுக்கு முன்பே தெரியும். கையேட்டைத் திறந்தால் நோக்கம் முதல் முடிவு வரை எல்லாம் அச்சில் இருக்கும். அதைப் பார்த்து எழுதி, அளவீடுகளை மட்டும் நிரப்பினால் வேலை முடிந்துவிடும்.

அந்த ஆண்டு வரிசையை நான் கொஞ்சம் மாற்றினேன். சோதனை முடிந்த மறுநாள், கையேட்டைத் தொடாமல், ஆய்வகத்தில் தாங்கள் செய்ததைச் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். அதன் பிறகு அதையே நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காட்சிப்பதிவுகள், முடிவு என்ற ஐந்து தலைப்புகளுக்குள் மாற்றி எழுத வேண்டும். ஒரு மாணவியின் அறிக்கையை அப்படி மாற்றியபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவர் கவனமாக வேலை செய்பவர். அளவீடு எடுத்த ரஃப் நோட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதலில் வந்த அறிக்கை

அவர் எழுதி வந்ததன் முக்கியப் பகுதி இது:

"தனி ஊசலை வைத்து g மதிப்பு 9.8 என்று நிரூபித்தோம். முதலில் ஸ்டாண்டில் நூலைக் கட்டி குண்டைத் தொங்கவிட்டோம். நூல் முதலில் வழுக்கியது, அதனால் தக்கையை இறுக்கினோம். நீளத்தை 60 செ.மீ. வைத்து 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தோம். பிறகு 70, 80, 90, 100 செ.மீ. வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை பார்த்து சராசரி எடுத்தோம். நீளம் கூடக் கூட நேரமும் கூடியது. சூத்திரத்தில் போட்டபோது g = 9.8 மீ/வி² கிடைத்தது. காற்றின் தடையால் சிறிய பிழை வந்தது."

படிக்க நன்றாகவே இருக்கிறது. நடந்த வரிசையில் சொல்கிறது, நூல் வழுக்கியதைக்கூட மறைக்கவில்லை. கையேட்டைப் பார்த்து எழுதிய எந்த ரெக்கார்டிலும் இல்லாத உண்மை இதில் இருக்கிறது. ஆனால் வைத்த நீளங்களைத் தவிர ஓர் அளவீடுகூட இல்லை. கிடைத்ததாகச் சொல்லும் ஒரே எண் விடை மட்டும்தான். அதுவும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது.

வாக்கியங்களைப் பிரித்தது

மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வாக்கியமும் எந்தத் தலைப்புக்குப் போகும் என்று அவரையே பென்சிலால் குறிக்கச் சொன்னேன்.

முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டோம். அவர் அதற்கு "நோக்கம்" என்று குறித்தார். "9.8 என்று நிரூபித்தோம்" என்பது நோக்கமாக இருக்க முடியாது என்று சொன்னேன். நோக்கம் என்பது சோதனை தொடங்கும் முன்பே எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போது கையில் விடை கிடையாது. விடையை நோக்கத்திலேயே எழுதிவிட்டால், பிறகு எடுக்கிற ஒவ்வொரு அளவீடும் அந்த எண்ணுக்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிடும். அதனால் "தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து, இந்த ஆய்வகத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணல்" என்று மாற்றினோம்.

நூல் வழுக்கிய வாக்கியம் இரண்டாக உடைந்தது. வழுக்கியது என்பது கண்டது, இறுக்கினோம் என்பது செய்தது. "நீளம் கூடக் கூட நேரமும் கூடியது" என்பதை அவர் முடிவில் வைத்தார். நான் காட்சிப்பதிவுக்கு மாற்றச் சொன்னேன். அட்டவணையைப் பார்த்த எவருக்கும் கண்ணால் தெரிவது அது. எந்தச் சூத்திரமும் அதற்குத் தேவையில்லை.

காற்றின் தடை பற்றிய வாக்கியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. யாரும் அதை அளக்கவில்லை, கவனிக்கவும் இல்லை. பிழை என்றால் காற்று என்று எழுதுவது பழக்கம், அவ்வளவுதான். கனமான சிறு குண்டு மெதுவாக ஆடும்போது காற்று வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், ஆனால் 20 அலைவுகளுக்குள் அலைவு நேரத்தில் நம் கடிகாரத்துக்குத் தெரியும் அளவு மாற்றம் செய்யாது. அந்த வரியை எடுத்துவிட முடிவு செய்தோம். உண்மையான பிழை எங்கே என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அட்டவணை வந்த பிறகு

காட்சிப்பதிவுகள் பகுதிக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். ரஃப் நோட்டில் இருப்பது அப்படியே வர வேண்டும். அடித்தது இருந்தால் அடித்ததும் வர வேண்டும். நேரடியாக அளந்தவை இடப்பக்கம், கணக்கிட்டவை வலப்பக்கம்.

| நீளம் l (செ.மீ.) | 20 அலைவுகள், முதல் முறை (வி) | இரண்டாம் முறை (வி) | அலைவு நேரம் T (வி) | l/T² (செ.மீ./வி²) |
|---|---|---|---|---|
| 60 | 31.4 | 31.6 | 1.575 | 24.19 |
| 70 | 34.1 | 33.9 | 1.700 | 24.22 |
| 80 | 34.5 | 36.3 | 1.770 | 25.54 |
| 90 | 38.3 | 38.5 | 1.920 | 24.41 |
| 100 | 40.6 | 40.4 | 2.025 | 24.39 |

கடைசிப் பத்தியின் சராசரி 24.55. g = 4π² (l/T²) என்பதில் போட்டால் 969 செ.மீ./வி², அதாவது 9.69 மீ/வி². அறிக்கையில் இருந்ததோ 9.8. அது எப்படி வந்தது என்று கேட்டேன். "புக்ல 9.8-ன்னு இருக்கு மிஸ். 9.69 கிட்டத்தட்ட அதானே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். உரைநடையில் எழுதும்போது இந்த இடைவெளி தெரியவே இல்லை. அட்டவணைக்குக் கீழே 9.8 என்று எழுதக் கை போனபோதுதான் அவரே நிறுத்தினார்.

அடுத்து 80 செ.மீ. வரிசை. மற்ற எல்லா வரிசைகளிலும் இரண்டு அளவீடுகளுக்கும் வித்தியாசம் 0.2 வினாடி. இங்கே 1.8 வினாடி. அந்த நீளத்துக்கு ஓர் அலைவு எடுக்கும் நேரமும் ஏறக்குறைய 1.8 வினாடிதான். கை தாமதத்தால் இப்படித் துல்லியமாக ஓர் அலைவு அளவுக்கு வித்தியாசம் வராது. எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கிறது.

யார் எண்ணியது என்று விசாரித்தோம். அந்த முறை எண்ணிய தோழி, கடிகாரத்தைத் தட்டிய நொடியிலேயே "ஒன்று" என்று தொடங்கியிருக்கிறார். அப்படித் தொடங்கினால் "இருபது" சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுதான். 34.5-ஐ 19-ஆல் வகுத்தால் 1.816. 36.3-ஐ 20-ஆல் வகுத்தால் 1.815. சந்தேகத்துக்கு இடமில்லை. தட்டும் நொடியில் "சுழியம்" என்று சொல்லி, ஓர் அலைவு முடிந்த பிறகே "ஒன்று" என்று எண்ண வேண்டும்.

34.5-ஐ 19 அலைவுகளின் நேரமாக வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. வேண்டாம் என்று முடிவு செய்தேன். 19 என்று எண்ணி நாம் அளக்கவில்லை. விடை சரியாக வருகிறது என்பதை வைத்து ஊகிக்கிறோம். விடையைப் பார்த்து அளவீட்டைத் திருத்துவதும், 9.69-ஐ 9.8 ஆக்குவதும் ஒரே குணம் கொண்ட செயல்கள். 34.5 அட்டவணையில் நிற்கும், அருகில் "எண்ணிக்கையில் ஐயம், சராசரியில் சேர்க்கப்படவில்லை" என்ற குறிப்பு இருக்கும், 80 செ.மீ.க்கு மறுபடி அளவெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தோம்.

இப்போதைக்கு 36.3-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டோம். அந்த வரிசை 24.28 ஆனது, சராசரி 24.30, g = 9.59.

அவர் முகம் வாடிவிட்டது. "சரி பண்ணப் பண்ண தப்பாப் போகுது மிஸ்" என்றார்.

எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. தவறு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை நீக்கிய பிறகு, விடை 9.69-இலிருந்து 9.59-க்கு இறங்குகிறது. இதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். எதிர்த் திசையில் இழுக்கும் இன்னொரு பிழை உள்ளே இருக்கிறது, எண்ணிக்கைத் தவறு அதில் ஒரு பகுதியை மூடி வைத்திருந்தது.

செய்முறையில் இருந்த ஓட்டை

கடைசிப் பத்தியை மறுபடி பார்த்தோம். 24.19, 24.22, 24.28, 24.41, 24.39. எல்லா நீளத்துக்கும் ஒரே மதிப்பு வர வேண்டிய இடத்தில், நீளம் கூடக் கூட மதிப்பு மெல்ல ஏறுகிறது. கடிகாரத்தைத் தட்டுவதில் வரும் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். ஒரே பக்கமாக ஏறுவது வேறு மாதிரி. ஒவ்வொரு நீளத்திலும் ஒரே அளவு விடுபட்டிருந்தால் இப்படித்தான் வரும். விடுபட்டது ஒரே அளவு என்பதால் 60 செ.மீ.யில் அதன் பங்கு பெரிது, 100 செ.மீ.யில் சிறிது.

நான் அதைச் சொல்லவில்லை. செய்முறைப் பகுதிக்குத் திரும்பி, "நீளத்தை 60 செ.மீ. வைத்து" என்ற வாக்கியத்தை முழுமையாக்கச் சொன்னேன். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள்? அவர் எழுதத் தொடங்கினார்: "தக்கையின் அடியிலிருந்து நூலின்..." பென்சில் அங்கே நின்றது. நூல் முடியும் இடம்வரை, அதாவது குண்டின் கொக்கியில் போட்ட முடிச்சுவரை அளந்திருக்கிறார்கள். ஊசலின் நீளம் குண்டின் மையம்வரை போக வேண்டும். கொக்கியின் உயரமும் குண்டின் ஆரமும் எல்லா வரிசைகளிலும் விடுபட்டுப் போயிருந்தன.

கையேட்டில் இந்த வாக்கியம் சரியாகவே அச்சாகியிருக்கிறது. பார்த்து எழுதியிருந்தால் "தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை உள்ள தொலைவு ஊசலின் நீளமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்று அழகாக எழுதியிருப்பார். மேசையில் நடந்தது வேறாக இருந்திருக்கும். செய்முறையை எந்தக் காலத்தில் எழுதுவது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் இதுதான். "அளக்கப்படுகிறது", "அளக்க வேண்டும்" என்பவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. "அளந்தோம்" என்று எழுதும்போது எங்கே அளந்தோம் என்று நினைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ரெக்கார்டில் செயப்பாட்டு வினையை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது, "அளக்கப்பட்டது" என்று எழுதலாம். இறந்த காலம் மட்டும் போய்விடக் கூடாது.

தேவையான கருவிகள் பட்டியலும் இதையே காட்டிக்கொடுத்தது. ஸ்டாண்டு, தக்கை, நூல், குண்டு, மீட்டர் அளவுகோல், நிறுத்துக் கடிகாரம் என்று எழுதியிருந்தார். வெர்னியர் அளவி இல்லை. அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை, எனவே பட்டியல் உண்மையானது. குண்டின் விட்டத்தை யாரும் அளக்கவில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே இருந்திருக்கிறது, நான்தான் முதல் வாசிப்பில் கவனிக்காமல் விட்டேன்.

மறு அளவீடும் திருத்திய அறிக்கையும்

அடுத்த செய்முறை வகுப்பில் அதே குண்டை எடுத்தோம். விட்டம் 2.0 செ.மீ., ஆரம் 1.0 செ.மீ., கொக்கி 0.5 செ.மீ. ஆக, எல்லா நீளங்களோடும் 1.5 செ.மீ. சேர வேண்டும். 80 செ.மீ. நூலுக்குச் சுழியத்திலிருந்து எண்ணி மறுபடி அளந்தபோது 36.3 வினாடியே வந்தது. மற்ற அளவீடுகளைத் தொடவில்லை. நேரங்களில் குறை எதுவும் தெரியவில்லை, நீளத்தில்தான் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. விடுபட்டதை இப்போது நேரடியாக அளந்துவிட்டோம். 34.5-ஐத் திருத்த மறுத்ததற்கும் இதை ஏற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கினேன். முந்தையது ஊகம், இது அளவீடு.

அவர் இறுதியாக எழுதியது, சுருக்கமாக:

*நோக்கம்:* தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து, இந்த ஆய்வகத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணல்.

*தேவையான கருவிகள்:* ஸ்டாண்டு, பிளந்த தக்கை, நூல், கொக்கியுள்ள உலோகக் குண்டு, மீட்டர் அளவுகோல் (0.1 செ.மீ.), வெர்னியர் அளவி (0.01 செ.மீ.), நிறுத்துக் கடிகாரம் (0.1 வினாடிவரை குறிக்கப்பட்டது).

*செய்முறை:* பிளந்த தக்கையின் நடுவே நூலைச் செருகிக் குண்டைத் தொங்கவிட்டோம். நூல் வழுக்கியதால் தக்கையை இறுக்கி, நீளத்தை மறுபடி அளந்தோம். தக்கையின் அடியிலிருந்து கொக்கியின் முடிச்சுவரை நூலின் நீளத்தை அளந்தோம். கொக்கியின் உயரத்தையும் குண்டின் ஆரத்தையும் பின்னர் அளந்து அதனுடன் கூட்டினோம். குண்டைச் சிறிய கோணத்தில் விலக்கி, தள்ளாமல் விட்டோம். குண்டு நடுநிலையைக் கடக்கும் நொடியில் சுழியம் என்று எண்ணத் தொடங்கி, 20 அலைவுகளின் நேரத்தைக் குறித்தோம். ஐந்து நீளங்களுக்கும் இப்படி இரண்டு முறை செய்தோம். 80 செ.மீ. நூலின் முதல் அளவீட்டில் எண்ணிக்கை தவறியதால், பின்னொரு நாள் மறுபடி அளந்தோம்.

*காட்சிப்பதிவுகள்:* (மேலே உள்ள அட்டவணை, திருத்திய நீளங்களுடன். 34.5 குறிப்போடு நிற்கிறது.) நீளம் கூடக் கூட அலைவு நேரமும் கூடியது. 61.5, 71.5, 81.5, 91.5, 101.5 செ.மீ. நீளங்களுக்கு l/T² முறையே 24.79, 24.74, 24.74, 24.82, 24.75. சராசரி 24.77 செ.மீ./வி².

*முடிவு:* எங்கள் அளவீடுகளின்படி g = 9.78 மீ/வி². ஐந்து நீளங்களிலும் தனித்தனியாகக் கணக்கிட்டால் 9.77 முதல் 9.80 வரை வருகிறது. l/T² நீளத்தைப் பொறுத்து மாறவில்லை.

முடிவில் 9.8 என்று எழுதலாமா என்று இந்த முறையும் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. 9.78 என்றே எழுதச் சொன்னேன். புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் துருவப் பகுதிகளைவிடக் குறைவு, நம் ஊர்ப் பக்கம் 9.78 அளவில்தான் இருக்கிறது. புத்தகத்தின் 9.8 அந்த வித்தியாசங்களை ஒதுக்கி முழுமையாக்கிய எண். ஆனால் நான் சொன்ன முதல் காரணம் அது இல்லை. முடிவில் இருக்கும் எண் மேலே உள்ள அட்டவணையிலிருந்து வர வேண்டும், வேறெங்கிருந்தும் வரக் கூடாது என்பதுதான்.

கணக்கீட்டுக்குத் தனித் தலைப்பு வேண்டாமா என்ற கேள்வியும் வந்தது. நம் ரெக்கார்டில் சூத்திரமும் கணக்கீடும் தனியாகவே வரும். ஐந்து தலைப்பு வடிவத்தில் நான் அதைக் காட்சிப்பதிவின் இறுதியில், அளந்தவற்றிலிருந்து ஒரு கோடு போட்டுப் பிரித்து வைக்கச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டுக்குப் போகும்போது அந்தப் பகுதியை அப்படியே தூக்கித் தனித் தலைப்பின் கீழ் வைத்தார்.

பின்பு நடந்தது

மற்ற குழுக்களின் அட்டவணைகளையும் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்து ஒரு சுற்று வந்தேன். இன்னும் இரண்டு குழுக்களில் அதே மெல்லிய ஏற்றம் இருந்தது. அவர்களும் முடிச்சுவரைதான் அளந்திருந்தார்கள். ஒரு குழுவின் கடைசிப் பத்தியில் ஐந்து எண்களும் இரண்டாம் தசமம்வரை ஒன்றாக இருந்தன. கையால் தட்டிய கடிகாரத்தில் அப்படி வராது. கேட்டபோது, இரண்டு நீளங்களுக்கு மட்டும் அளந்து, மீதியைச் சூத்திரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதாகச் சொன்னார்கள். திட்டவில்லை, ஊசலைக் கையில் கொடுத்து மறுபடி உட்கார வைத்தேன்.

அடுத்த முறை மாற்றுவது

வெர்னியர் அளவியை முதல் மேசையிலேயே வைத்து, குண்டின் விட்டத்தை அளந்து நோட்டில் குறித்த பிறகே நூலைத் தொடச் சொல்வேன். அறிக்கையைப் பார்க்கும்போது தலைப்பு வரிசையில் படிக்காமல், காட்சிப்பதிவை முதலில் படிப்பேன். இந்த அறிக்கையில் நோக்கத்தின் சொற்களைச் சரிசெய்வதில் பாதி இடைவேளை போய்விட்டது.

இன்னொன்றை நான் தவறவிட்டேன். l-க்கும் T²-க்கும் வரைபடம் போடச் சொல்லியிருக்க வேண்டும். முடிச்சுவரை அளந்த நீளங்களை வைத்தே வரைந்தாலும் நேர்கோடுதான் வரும், ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. கோட்டை நீட்டினால் நீள அச்சைச் சுழியத்துக்குக் கீழே வெட்டும், அந்த வெட்டுத்துண்டுதான் விடுபட்ட அளவு. கோட்டின் சாய்வோ விடுபட்ட அளவால் பாதிக்கப்படாது. பிறகு ஒரு நாள் மாலை அதே பழைய அளவீடுகளில் 60-க்கும் 100-க்கும் இடையே கணக்கிட்டுப் பார்த்தேன். 40 செ.மீ.யை T² வித்தியாசமான 1.62-ஆல் வகுத்தால் 24.69, அதிலிருந்து g = 9.75. அந்தத் தாளை மறுநாள் மாணவியிடம் கொடுத்தபோது, ஐந்து புள்ளிகளையும் தானே குறித்து வருவதாகச் சொல்லி வரைபடத் தாள் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.